கால்சிட்டோனினும் சி செல்களும்: தைராய்டை எடுத்தவர்களும் மாணவர்களும் கேட்கும் கேள்விகள்

மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் நடத்துகிறேன். முதலாண்டுப் பிள்ளைகள் வகுப்பில் கேட்கும் அதே சந்தேகத்தை, தைராய்டு ஆபரேஷன் செய்துகொண்ட உறவுக்காரர்கள் போனில் கேட்பார்கள். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்லி மாளவில்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

கால்சிட்டோனின்னா என்ன மேடம்? அதுவும் தைராய்டு ஹார்மோன்தானே?

சுரப்பது தைராய்டுக்குள்தான். ஆனால் தைராய்டு ஹார்மோன் என்று நாம் சொல்லும் டி3, டி4 வேறு, இது வேறு. டி3, டி4 இரண்டும் அயோடினை வைத்துச் செய்யப்படுபவை. உடம்பு எவ்வளவு வேகத்தில் ஓட வேண்டும் என்பது அவற்றின் கையில் இருக்கிறது. கால்சிட்டோனினில் அயோடின் கிடையாது. 32 அமினோ அமிலங்களைக் கோத்த சின்னப் புரதச் சரம் அது, அவ்வளவுதான்.

இரண்டையும் ஆட்டி வைப்பதும் வேறு வேறு. டி4 சுரக்கப் பிட்யூட்டரியிலிருந்து டி.எஸ்.எச். வந்து தட்ட வேண்டும். கால்சிட்டோனின் டி.எஸ்.எச்.-ஐ எதிர்பார்ப்பதில்லை. ரத்தத்தில் கால்சியம் ஏறினால் தானாக வெளியே வரும், இறங்கினால் அடங்கிவிடும். ஒரே காம்பவுண்டில் குடியிருக்கும் இரண்டு குடித்தனங்கள் மாதிரி: வாசல் ஒன்று, அடுப்பு தனித்தனி.

சி செல்கள்னு சொல்றாங்களே, அது தைராய்டுல எங்க இருக்கு?

தைராய்டை வெட்டி மைக்ராஸ்கோப்பில் வைத்தால் முதலில் கண்ணில் படுவது வட்ட வட்டமான அறைகள். ஃபோலிக்கிள் என்பார்கள். ஒவ்வொன்றின் சுவரிலும் ஒரு வரிசை செல்கள், நடுவில் ரோஸ் நிறத்தில் கொலாய்டு. டி4 தயாராவது அங்கேதான். இந்த அறைகளின் ஓரத்தில், சுவர் செல்களுக்கு வெளிப்பக்கமாக, வெளுத்த நிறத்தில் சில செல்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். அவைதான் பாராஃபோலிக்குலர் செல்கள், சுருக்கமாக சி செல்கள். கொலாய்டை அவை தொடுவதே இல்லை.

எண்ணிக்கையில் மிகவும் குறைவு. பிராக்டிகல் வகுப்பில் சாதாரண ஸ்டெயின் போட்ட ஸ்லைடில் பிள்ளைகள் ஒரு மணி நேரம் தேடிவிட்டு, 'இதுவா மேடம்?' என்று ஏதோ ஒன்றைக் காட்டுவார்கள். எனக்கே பல சமயம் நிச்சயமாகச் சொல்ல வராது. கால்சிட்டோனினுக்கென்று தனி ஸ்டெயின் போட்டால்தான் பளிச்சென்று தெரியும். தைராய்டு முழுக்கப் பரவியும் இருக்காது. இரண்டு பக்க மடல்களிலும் மேல்பாதியை ஒட்டிய நடுப்பகுதியில் கொத்தாக இருக்கும். இரு மடல்களையும் இணைக்கும் பாலத்தில் பெரும்பாலும் காண முடியாது.

வேலை கால்சியம்னா, அது ஏன் தைராய்டுக்குள்ள போய் உட்கார்ந்துச்சு?

மீனைப் பார்த்தால் விளங்கும். மீனுக்கு இந்தச் செல்கள் தைராய்டில் இல்லை. அல்டிமோபிராங்கியல் சுரப்பி என்று தனியாகவே இருக்கிறது. கோழிக்கும் அப்படித்தான். மனிதக் கருவிலும் முதலில் தொண்டைப் பக்கம் தனி மொட்டாகத்தான் தோன்றுகிறது. கீழே இறங்கிவரும் தைராய்டு வழியில் அதைச் சேர்த்துக்கொள்கிறது. பெரும்பாலும் பாலூட்டிகளில்தான் இந்தக் கூட்டுக் குடித்தனம்.

கடல்நீரில் ஒரு லிட்டருக்குச் சுமார் 400 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. நம் ரத்தத்தில் லிட்டருக்கு 100 மில்லிகிராம் அளவுதான். கடலில் வாழும் மீனைச் சுற்றிலும் கால்சியம் கொட்டிக் கிடக்கிறது. அளவுக்கு மேல் உள்ளே வந்துவிடாமல் பார்ப்பதுதான் அதன் கவலை. தரைக்கு வந்த பிராணிகளுக்குக் கவலை தலைகீழாக மாறியது. கால்சியம் சாப்பாட்டில் வந்தால்தான் உண்டு, குறைந்துவிடாமல் காப்பதே பெரும்பாடு. அந்த வேலைக்குப் பாராதைராய்டு சுரப்பிகள் வந்தன. மீனுக்கு அப்படித் தனிச் சுரப்பிகள் இல்லை. கால்சிட்டோனின் நமக்குப் பழைய வீட்டுச் சாமானாகத் தங்கிவிட்டது என்பது என் கணிப்பு.

சரி, நம்ம உடம்புல அது என்னதான் பண்ணுது?

எலும்பை அரிக்கும் செல்கள் உண்டு, ஆஸ்டியோகிளாஸ்ட் என்று பெயர். எலும்பின் மேல் ஒட்டிக்கொண்டு, அடிப்பக்கச் சவ்வைத் திரைச்சீலை போல மடித்து மடித்து வைத்து, அதன் வழியே அமிலத்தை விட்டு எலும்பைக் கரைக்கும். கால்சிட்டோனின் வந்து அந்தச் செல்லைத் தொட்டால் சில நிமிடங்களில் அந்த மடிப்பு சுருங்கிவிடும், அரிப்பு நிற்கும். எலும்பிலிருந்து ரத்தத்துக்கு வரும் கால்சியம் குறையும். அதிக அளவில் கொடுத்தால் சிறுநீரகமும் கொஞ்சம் கால்சியத்தை வெளியே விடும்.

எலும்பில் புதிதாகக் கால்சியத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஹார்மோன் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. எடுப்பதை நிறுத்தும், அவ்வளவே. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு இதிலேயே பதில் இருக்கிறது.

தைராய்டை முழுசா எடுத்தா இதுவும் போயிடுமே. அப்ப ரத்தத்துல கால்சியம் ஏறிடாதா?

ஏறாது. கால்சிட்டோனின் ஒரு பிரேக். ஓடாத வண்டியில் பிரேக்கைக் கழற்றினால் என்ன ஆகும்? வளர்ந்த ஆளின் எலும்பில் ஒரு நாளைக்கு அரிபடும் கால்சியம் சில நூறு மில்லிகிராம்தான். ஏறக்குறைய அதே அளவு அன்றைக்கே திரும்பவும் எலும்பில் படிந்துவிடுகிறது. இந்தச் சின்னப் போக்குவரத்தில் கொஞ்சத்தை நிறுத்துவதும் விடுவதும் ரத்தக் கால்சியத்தை அசைக்கப் போதாது.

உண்மையான கடிவாளம் பாராதைராய்டு ஹார்மோனிடம், அதாவது பி.டி.எச்.-இடம் இருக்கிறது. பாராதைராய்டு செல்களின் மேல் கால்சியத்தை உணரும் ஏற்பி உண்டு. கால்சியம் துளி ஏறினாலும் பி.டி.எச். சுரப்பு உடனே மட்டுப்படும். ஏற்கெனவே ரத்தத்தில் இருக்கும் பி.டி.எச்.-உம் சில நிமிடங்களில் பாதியாகிவிடும். அது குறைந்தால் எலும்பு அரிப்பு குறையும், சிறுநீரில் கால்சியம் அதிகம் போகும், வைட்டமின் டி முழு வீரியம் பெறுவது குறைந்து குடல் உறிஞ்சுவதும் குறையும். சிறுநீரகக் குழாய்களிலும் அதே ஏற்பி இருப்பதால், பி.டி.எச். சொல்லாமலே கூட அவை கால்சியத்தை வெளியே விடும். ஆக, ஏறிய கால்சியத்தை இறக்கக் கால்சிட்டோனின் இல்லாமலே நாலைந்து வழி இருக்கிறது.

இன்சுலினும் குளுக்ககானும் மாதிரி பி.டி.எச்.-உம் கால்சிட்டோனினும் எதிரெதிர் ஹார்மோன்னு புக்ல போட்டிருக்கே?

படம் வரைய வசதியாக இருப்பதால் போட்டிருக்கிறார்கள். தராசு வரைந்து இந்தத் தட்டில் ஒன்று, அந்தத் தட்டில் ஒன்று வைத்தால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் இன்சுலின் முழுக்கப் போனால் மருந்தில்லாமல் ஆள் பிழைக்க முடியாது. பி.டி.எச். முழுக்கப் போனால் தசை இழுப்பு வரும். கால்சிட்டோனின் முழுக்கப் போனால் ஒன்றும் தெரியாது. மூன்றையும் ஒரே வரிசையில் எப்படி வைப்பது? தேர்வில் தராசுப் படம் கேட்டால் வரைந்துவிடுங்கள். நோயாளியிடம் பேசும்போது மறந்துவிடுங்கள்.

ஆபரேஷன் முடிஞ்சு கால்சியம் இறங்குதே, அது கால்சிட்டோனின் இல்லாததாலதானே?

அதிகம் கேட்ட கேள்வி இதுதான். கேட்டவர்களில் பயிற்சி மருத்துவர்களும் உண்டு. திசையை மட்டும் பாருங்கள். கால்சிட்டோனின் கால்சியத்தை இறக்கும் ஹார்மோன். அது போனால், ஏதாவது நடப்பதாக இருந்தால், கால்சியம் ஏறத்தான் வேண்டும். இறங்குகிறது என்றால் காரணம் வேறு.

என் அக்காவுக்கே நடந்தது. 41 வயது, கழுத்தில் பல கட்டிகள், மூச்சுக்குழாயை அழுத்தியதால் தைராய்டை முழுக்க எடுத்தார்கள். ஆபரேஷனுக்கு முன் கால்சியம் 9.3, அதாவது 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 9.3 மில்லிகிராம். 8.5-க்கும் 10.5-க்கும் இடையில் இருந்தால் சரி. மறுநாள் சாயங்காலம், 'உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்ற மாதிரி இருக்குடி' என்றாள். ராத்திரி ஏழரைக்கு விரல்நுனி மரத்தது. நர்ஸ் வந்து ரத்த அழுத்தம் பார்க்கப் பட்டையைக் கட்டி ஊதினார். இரண்டு நிமிடம் அப்படியே விட்டதும் கை தானாக மடங்கி, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் போய், மற்ற விரல்கள் நீட்டியபடி குவிந்துகொண்டன. பாடத்தில் நூறு தடவை நடத்தியிருக்கிறேன். அக்காவின் கையில் பார்த்தபோது எனக்கு வாய் வரவில்லை.

அன்றைக்கு எடுத்த ரத்தத்தில் கால்சியம் 7.3, பாஸ்பரஸ் 5.2, பி.டி.எச். 5. பாஸ்பரஸ் 4.5-க்கு மேல் போகக் கூடாது, பி.டி.எச். 15-க்குக் கீழே வரக் கூடாது. டூட்டியில் இருந்த இளம் டாக்டர், 'தைராய்டோட கால்சிட்டோனினும் போயிடுச்சில்ல, அதான்' என்றார். சண்டை போடும் நேரமில்லை அது. கால்சியம் குளுக்கோனேட்டை ஈ.சி.ஜி. பார்த்தபடி மெதுவாக ஏற்றினார்கள், மரப்பு அடங்கியது. அப்புறம் கால்சியம் மாத்திரையும், முழு வீரியம் பெற்ற வைட்டமின் டி-யான கால்சிட்ரியாலும் கொடுத்து அனுப்பினார்கள். ஆறாவது வாரம் பி.டி.எச். 21-க்கு வந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து மூன்றாவது மாதத்தில் மாத்திரையை நிறுத்தினார்கள். கால்சிட்டோனின் திரும்பி வரவில்லை, வரவும் வராது. திரும்பியது பி.டி.எச்.தான். கால்சியம் சரியானதும் அதனால்தான்.

பாராதைராய்டு தனிச் சுரப்பின்னா, தைராய்டை எடுக்கும்போது அதுக்கு ஏன் அடி விழுது?

தைராய்டின் பின்பக்கம் ஒட்டியபடி, பருப்பு அளவில், பெரும்பாலும் நான்கு இருக்கும். கொழுப்போடு சேர்ந்து மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தில் தெரியும். பழகிய கண்ணுக்கே ஏமாற்றும். ரத்தம் வருவது தைராய்டுக்குப் போகும் அதே தமனியிலிருந்து பிரியும் நூல் போன்ற கிளைகளில். சுரப்பியைத் தொடாமல் விட்டாலும் அந்த நூல் அறுந்தாலோ இழுபட்டாலோ சில வாரங்களுக்கு அது மயங்கிக் கிடக்கும். அக்காவுக்கு நடந்தது இதுதான். அதனால்தான் பெரும்பாலானவர்களுக்குக் கால்சியம் குறைவது தற்காலிகமாக இருக்கிறது. நாலும் போய்விட்டால்தான் நிரந்தரம். தவறுதலாக வெளியே வந்துவிட்ட சுரப்பியை டாக்டர் பொடியாக நறுக்கிக் கழுத்துத் தசைக்குள் நட்டு வைப்பதும் உண்டு. அங்கே அது வேர்பிடித்துக்கொள்ளும்.

தைராய்டைப் போட்டு அமுக்கும்போது கால்சிட்டோனின் பீறிட்டு வந்து கால்சியத்தை இறக்கியிருக்கலாமே?

நல்ல கேள்வி. இறுதியாண்டு மாணவி ஒருத்தி கேட்டாள். அந்த யோசனையை முன்பே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் கால்சிட்டோனின் ரத்தத்தில் நிமிடக் கணக்கில்தான் தங்கும். சுரக்கும் செல்களே டப்பாவில் அடைத்து நோயியல் பிரிவுக்குப் போன பிறகு, மறுநாள் சாயங்காலம் வரும் மரப்புக்கு அதைக் குற்றம் சொல்ல முடியாது.

பாஸ்பரஸ் இங்கே கைகொடுக்கும். கால்சிட்டோனின் அதிகமாகி இறக்கினால் கால்சியமும் பாஸ்பரசும் சேர்ந்து இறங்கும். பி.டி.எச். இல்லாவிட்டால் கால்சியம் இறங்கும், பாஸ்பரஸ் ஏறும், ஏனென்றால் பாஸ்பரசைச் சிறுநீரில் தள்ளுவது பி.டி.எச். வேலை. அக்காவின் 5.2-ஐ இப்போது திரும்பப் பாருங்கள். இன்னொரு நிலையும் உண்டு: நெடுநாள் தைராய்டு அதிகமாகச் சுரந்து எலும்பு தேய்ந்திருந்தவருக்கு, ஆபரேஷனுக்குப் பிறகு எலும்பு பசியோடு கால்சியத்தை இழுத்துக்கொள்ளும். அப்போதும் இரண்டும் இறங்கும், ஆனால் பி.டி.எச். குறையாது.

இல்லாட்டி ஒண்ணும் ஆகாது, சரி. அளவுக்கு மேல இருந்தா கால்சியம் இறங்கணும்ல?

அங்கேயும் ஒன்றும் ஆவதில்லை. மெடுல்லரி தைராய்டு கேன்சர் என்று ஒன்று இருக்கிறது. சி செல்களிலிருந்தே கிளம்பும் கேன்சர். வழக்கமாக மில்லிலிட்டருக்கு 10 பிக்கோகிராமுக்குக் கீழே இருக்கும் கால்சிட்டோனின், இவர்களுக்கு ஆயிரக்கணக்கில் போகும், அதையும் தாண்டும். வருடக்கணக்கில் அப்படியே இருக்கும். ரத்தக் கால்சியமோ சாதாரணமாக இருக்கும். இவர்களைத் தொந்தரவு செய்வது வயிற்றுப்போக்கு, முகம் சிவப்பது போன்றவை, கால்சியம் குறைவு அல்ல.

அதிகம் இருந்தால் ஏன் வேலை செய்யவில்லை? ஒன்று, ஓயாமல் கால்சிட்டோனின் வந்து தட்டிக்கொண்டே இருந்தால் ஆஸ்டியோகிளாஸ்ட் தன் மேலிருக்கும் ஏற்பிகளை உள்ளே இழுத்துக்கொள்ளும், காது கேட்காதவர் மாதிரி ஆகிவிடும். இரண்டு, கால்சியம் கொஞ்சம் இறங்கினாலும் பி.டி.எச். ஏறிச் சரிக்கட்டிவிடும். துளியும் இல்லாத ஆளுக்கும் கால்சியம் 9.5, ஆயிரம் மடங்கு இருக்கும் ஆளுக்கும் 9.5. கால்சியத்தை ஆள்வது இது இல்லை என்பதற்கு வகுப்பில் இந்த ஒன்றை மட்டும்தான் சொல்வேன்.

கால்சியம் கணக்கு சரி. இருபது வருஷம் கழிச்சு எலும்பு தேஞ்சு போகாதா?

கால்சிட்டோனின் இல்லாததால் தேய்வதில்லை. ஆனால் தைராய்டு எடுத்தவர்களில் சிலருக்கு எலும்பு தேய்வது உண்மை. அதற்கு வேறு காரணம் இருக்கிறது. தைராய்டு கேன்சர் திரும்பாமல் இருக்கச் சிலருக்குத் தைராக்சினை, அதாவது டி4 மாத்திரையை, தேவைக்கு மேல் கொடுத்து டி.எஸ்.எச்.-ஐ அமுக்கி வைப்பார்கள். தைராக்சின் அதிகமானால் ஆஸ்டியோகிளாஸ்ட் வேகமெடுக்கும். முக்கியமாக, மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இதனால் எலும்பின் அடர்த்தி குறையும்.

உங்கள் எலும்பைப் பற்றிக் கவலை என்றால் டி.எஸ்.எச். ரிப்போர்ட்டைப் பாருங்கள். சாதாரணக் கட்டிக்காக எடுத்தவருக்கு டி.எஸ்.எச். 0.05 என்று மிகவும் இறங்கி வந்தால், டோஸ் அதிகமா என்று டாக்டரிடம் கேட்க வேண்டிய விஷயம் அது. கேன்சருக்காக வேண்டுமென்றே அமுக்கியிருந்தால், இன்னும் எவ்வளவு நாள் என்று கேளுங்கள். நீங்களாக மாத்திரையைக் குறைக்காதீர்கள்.

குழந்தைக்கு எலும்பு வளர்ற வயசுல எடுத்தா பரவாயில்லையா?

இதில் மட்டும் உங்கள் பயத்துக்குக் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஓடாத வண்டியில் பிரேக் எதற்கு என்றேனே, குழந்தையின் எலும்பு ஓடும் வண்டி. வளரும்போது நாளொன்றுக்குக் கிராம் கணக்கில் கால்சியம் போய்வரும். ரத்தத்திலும் செல்களைச் சுற்றிய திரவத்திலும் இருப்பதே மொத்தம் ஒரு கிராம் அளவுதான். அந்த வயதில் கால்சிட்டோனினுக்கு வேலை இருக்க வேண்டும் என்று நினைப்பது இயல்புதான்.

ஆனால் பார்த்தவரை பாதிப்பு இல்லை. மெடுல்லரி கேன்சர் பரம்பரையாக வரும் குடும்பங்கள் உண்டு, ஆர்.ஈ.டி. என்ற மரபணுவில் கோளாறு. அந்தக் கோளாறு இருக்கும் குழந்தைகளுக்குக் கேன்சர் வருமுன்பே தைராய்டை எடுத்துவிடுகிறார்கள்: ஒரு வகைக்கு முதல் வயதிலேயே, இன்னொரு வகைக்கு ஐந்து வயதுக்குள். எடுப்பதே அந்தச் சி செல்களை ஒழிக்கத்தான். தைராக்சின் மட்டும் சரியாகக் கொடுத்தால் அவர்கள் மற்றப் பிள்ளைகளைப் போல வளர்கிறார்கள். பிறக்கும்போதே தைராய்டு இல்லாத குழந்தைகளும் அப்படித்தான். கால்சிட்டோனினை யாரும் ஈடுகட்டிக் கொடுப்பதில்லை.

தைராய்டு இல்லாம பிள்ளை பெத்துப் பால் குடுக்கலாமா? அம்மாவோட எலும்பு கரையும்னு சொல்றாங்க.

தாராளமாகக் கொடுக்கலாம். பால் கொடுக்கும்போது எல்லாத் தாய்மாருக்கும் எலும்பிலிருந்து கொஞ்சம் கால்சியம் எடுக்கப்படும், நிறுத்தியதும் திரும்பப் படிந்துவிடும். கால்சிட்டோனினுக்கு நிஜமாகவே ஏதாவது வேலை இருந்தால் அது இந்தக் காலத்தில்தான் என்று எலிகள் காட்டுகின்றன. கால்சிட்டோனின் மரபணுவை நீக்கிய சுண்டெலிகள் குட்டிக்குப் பாலூட்டும்போது சாதாரண எலிகளைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு எலும்புத் தாதுவை இழந்தன. பால் மறந்த பிறகு அதையும் திரும்பச் சேர்த்துக்கொண்டன.

தைராய்டு எடுத்த பெண் அந்தச் சுண்டெலி அல்ல. அவள் மரபணு அப்படியே இருக்கிறது. பாலூட்டும் மார்பகமே கால்சிட்டோனினைச் சுரக்கும், தைராய்டு எடுத்த தாய்மாரிடமும் அது காணப்பட்டிருக்கிறது. ஆகவே மாற்று ஏற்பாடு உள்ளேயே இருக்கிறது.

மெடிக்கல் ஷாப்புல கால்சிட்டோனின் ஊசி, ஸ்ப்ரே எல்லாம் இருக்கே. வேலையில்லாத பொருளுக்கு எதுக்கு மருந்து?

உடம்பு சுரக்கும் அளவு ஒன்று, மருந்தாகக் கொடுக்கும் அளவு வேறு. மருந்தில் இருப்பது பெரும்பாலும் சால்மன் மீனின் கால்சிட்டோனின். மனிதனுடையதைவிட மனித ஏற்பியை அதுதான் இறுகப் பிடிக்கும். எலும்பு வெறிகொண்டு அரிபடும் நிலைகளில் அதற்கு வேலை இருக்கிறது: பேஜட் நோய், அல்லது கேன்சரால் கால்சியம் 14, 15 என்று ஏறி ஆள் மயங்கிக் கிடக்கும்போது. அங்கே வண்டி தறிகெட்டு ஓடுகிறது, பிரேக் பிடிக்கும். நாலு முதல் ஆறு மணி நேரத்தில் கால்சியம் ஒன்றிரண்டு மில்லிகிராம் இறங்கும். இரண்டு நாளில் ஏற்பிகள் ஒதுங்கிவிடுவதால் பலன் மங்கிவிடும், மெடுல்லரி கேன்சரில் சொன்ன அதே கதை.

எலும்புத் தேய்மானத்துக்கு மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே முன்பு நிறையக் கொடுத்தார்கள். நெடுநாள் பயன்படுத்தியவர்களிடம் கேன்சர் சற்றுக் கூடுதலாகத் தெரிந்ததால் 2012-இல் ஐரோப்பிய மருந்து முகமை அந்தப் பயன்பாட்டை விடச் சொன்னது. தைராய்டு எடுத்ததற்கு ஈடாக இதை எடுப்பது என்பது கிடையவே கிடையாது.

ரிப்போர்ட்ல கால்சிட்டோனின் '2-க்குக் கீழ்'னு வந்திருக்கு. பயமா இருக்கு.

தைராய்டை முழுக்க எடுத்திருந்தால் அப்படித்தான் வர வேண்டும். மெடுல்லரி கேன்சருக்காக எடுத்தவருக்கு அது வந்தால் இனிப்பு வாங்கிக் கொடுக்கலாம், செல் எதுவும் மிச்சமில்லை என்று பொருள். பாப்பில்லரி கேன்சருக்கோ சாதாரணக் கட்டிக்கோ எடுத்தவருக்கு இந்த டெஸ்டே பொதுவாகத் தேவையில்லை. முழு உடல் பரிசோதனை என்று மொத்தமாகப் போடும் பட்டியலில் சேர்ந்து வந்திருக்கும்.

காய்ச்சல்ல போனப்ப 'புரோகால்சிட்டோனின்' பார்த்தாங்க. எனக்கு தைராய்டே இல்லையே, அந்த டெஸ்ட் தப்பா வருமா?

வராது. புரோகால்சிட்டோனின் என்பது கால்சிட்டோனினாக வெட்டப்படுவதற்கு முந்தைய நீளமான சரம். சாதாரண நாளில் அதைச் செய்வது சி செல்கள்தான், வெட்டி முடித்துத்தான் வெளியே விடும். ஆனால் கிருமி ரத்தத்தில் கலந்தால் கல்லீரல், கொழுப்பு என்று உடம்பெங்கும் அந்த மரபணு விழித்துக்கொள்ளும். அந்தச் செல்களுக்கு வெட்டத் தெரியாது, அப்படியே ரத்தத்தில் கொட்டும். தைராய்டு எடுத்தவருக்கும் அது ஏறும். டாக்டர் நம்பிப் பார்க்கலாம்.

இவ்வளவு சின்ன விஷயத்தை எப்படிக் கண்டுபிடிச்சாங்க?

வான்கூவரில் ஹெரால்ட் காப் 1960-களின் தொடக்கத்தில், கால்சியத்தை இறக்கும் ஒரு பொருள் சுரக்கிறது என்று கண்டு கால்சிட்டோனின் என்று பெயரிட்டார். பாராதைராய்டிலிருந்து வருகிறது என்று நினைத்தார். அடுத்து ஹிர்ஷ், மன்சன் என்ற இருவரும் எலியில் ஒரு வினோதத்தைப் பார்த்தார்கள். எலியின் பாராதைராய்டு தைராய்டிலேயே பதிந்திருக்கும். அதை வெட்டி எடுத்தால் கால்சியம் மெதுவாக இறங்கியது. சூடான கம்பியால் பொசுக்கினால் சட்டென்று இறங்கியது. இரண்டிலும் பாராதைராய்டு போய்விட்டதே, பிறகு ஏன் வித்தியாசம்? சூடு பட்ட பக்கத்துத் தைராய்டிலிருந்து ஏதோ கசிந்திருக்கிறது. தைராய்டைப் பிழிந்து சாறெடுத்து வேறு எலிக்குச் செலுத்தினார்கள், கால்சியம் இறங்கியது. 1963-இல் தைரோகால்சிட்டோனின் என்று வெளியிட்டார்கள். இரண்டும் ஒன்றே என்று பிறகு தெரிந்தது.

இளம் எலிகளை வைத்துப் பார்த்தது நல்லதாகப் போயிற்று. எலும்பு வேகமாக மாறும் பிராணி அது. வளர்ந்த மனிதனிடம் தேடியிருந்தால் கண்ணில் பட்டிருக்காது.

அப்ப துளிகூட வித்தியாசம் இல்லைன்னு எழுதிக் குடுப்பீங்களா?

'துளிகூட' என்று எழுத மாட்டேன். தைராய்டு நீக்கி, பாராதைராய்டை மட்டும் காப்பாற்றிய விலங்குகளுக்குக் கால்சியத்தை நரம்பில் ஏற்றினால், அது மற்றவற்றைவிட அதிகம் ஏறி, இறங்கக் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்கிறது. நாம் கால்சியத்தை நரம்பில் ஏற்றிக்கொண்டு திரிவதில்லை. ஒரு டம்ளர் பால், தயிர்சாதம் எல்லாம் குடல் வழியே நிதானமாக வருபவை. பாராதைராய்டு நன்றாக இருப்பவருக்கு அந்த வித்தியாசம் வாழ்நாளில் தெரியாது.

பாராதைராய்டும் நிரந்தரமாகப் போனவர் கதை வேறு. அவரிடம் பி.டி.எச். என்ற கடிவாளமே இல்லை, கால்சியத்தையும் கால்சிட்ரியாலையும் மாத்திரையாக விழுங்குகிறார். டோஸ் கூடிவிட்டால் குறைத்துக்கொள்ள உள்ளே ஆள் இல்லை. தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், வாந்தி வருவது போன்ற உணர்வு இருந்தால் அன்றைக்கே கால்சியம் பார்த்துவிட வேண்டும். அறிகுறி இல்லாவிட்டாலும் டாக்டர் சொன்ன தேதியில் ரத்தமும் சிறுநீரும் கொடுக்க வேண்டும், சிறுநீரகத்தில் கல் சேர்வது சத்தமில்லாமல் நடக்கும். கால்சியம் மாத்திரையைத் தைராக்சினோடு சேர்த்துப் போடாதீர்கள், நாலு மணி நேரம் இடைவெளி விடுங்கள். சேர்த்துப் போட்டால் கால்சியம் தைராக்சினைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். அக்கா முதல் மாதம் இரண்டையும் காலையில் ஒன்றாகத்தான் விழுங்கிக்கொண்டிருந்தாள். தைராக்சின் போதாமல் டி.எஸ்.எச். 18 என்று ஏறி வந்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது.